தலைக்கு முன்னால் கால்: சிறுவர் கால்பந்தில் ஹெட்டிங்கை எப்போது, எவ்வளவு கற்றுத்தருவது?

இங்கிலாந்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில், உயரமாக வரும் பந்தை ஒரு சிறுவன் வேண்டுமென்றே தலையால் முட்டினால் நடுவர் விசில் ஊதிவிடுவார். எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீகிக் கிடைக்கும். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. இந்த விதியை 2024-25 பருவத்தில் 7, 8, 9 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் கொண்டுவந்தது. 2025-26இல் 10 வயதுக்குட்பட்டோர், 2026-27இல் 11 வயதுக்குட்பட்டோர் என ஆண்டுக்கொரு பிரிவாக அதை நீட்டிப்பது திட்டம். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் இதே முடிவை 2015இலேயே அறிவித்துவிட்டது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் அங்கே பயிற்சியிலும் ஹெட்டிங் செய்யக்கூடாது, போட்டியிலும் கூடாது.

தடை போட்டுவிடலாம். ஆனால் பந்து உயரமாக வருவது நின்றுவிடாது. கோல்கீப்பர் தூக்கி உதைக்கும் பந்தும், த்ரோ-இன்னில் வரும் பந்தும், தரையில் எகிறிவரும் பந்தும் சிறுவனின் நெற்றி உயரத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கும். தலையை விட்டால் அவன் அதை எதால் வாங்குவது? இதற்குப் பதில் சொல்லாத கோச் ஹெட்டிங்கைத் தடை செய்தும் பயனில்லை. பிள்ளை பந்தைக் கண்டு ஒதுங்குவான், அல்லது பழக்க தோஷத்தில் தலையை நீட்டுவான். பதில் ‘ஃபர்ஸ்ட் டச்’ என்று கோச்சுகள் சொல்லும் முதல் தொடுகையில் இருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் ஒரே பாடமாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை?

வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்காக ஆடிய ஜெஃப் ஆஸில், தலையால் கோல் அடிப்பதில் பேர் பெற்றவர். 2002இல் 59 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவிழப்பு நோய் அவரை முடக்கியிருந்தது. மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோயால் வந்த மரணம் என்று பதிவு செய்தார். பந்தை மீண்டும் மீண்டும் தலையால் முட்டியது அவரது மூளையைப் பாதித்தது என்பது அந்தத் தீர்ப்பின் பொருள்.

2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்தது. வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களின் மரண விவரங்களைப் பொதுமக்களின் விவரங்களோடு ஒப்பிட்டது. மூளை சிதையும் நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. பின்னர் 2021இல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். தலையை அதிகம் பயன்படுத்தும் டிஃபெண்டர்களிடம் ஆபத்து மிகுந்திருந்தது. தலையை அரிதாகப் பயன்படுத்தும் கோல்கீப்பர்களுக்கோ அது பொதுமக்களின் அளவிலேயே இருந்தது.

இதை அளவோடு படிக்க வேண்டும். அது பல ஆண்டுகள் தொழிலாக ஆடிய ஆண்களைப் பற்றிய ஆய்வு. பத்து வயதில் வாரம் சில முறை பந்தை முட்டியவனுக்கு அறுபது வயதில் நோய் வரும் என்று அது நிரூபிக்கவில்லை. சிறுவர்களுக்கான எல்லைகள் முன்னெச்சரிக்கையாக வகுக்கப்பட்டவை. ஆனால் அந்த முன்னெச்சரிக்கைக்குப் பிள்ளையின் உடலமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஆறு வயதிலேயே தலையின் சுற்றளவு பெரியவர்களின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. கழுத்துத் தசைகளோ பருவ வயதுக்குப் பிறகுதான் வலுப்பெறுகின்றன. மெல்லிய கழுத்தின் மேல் பெரிய தலை இருந்தால், அதே வேகத்தில் மோதும் பந்து அதை அதிகமாகக் குலுக்கும்.

எவ்வளவு போதும்?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் 2020 பிப்ரவரியில் பயிற்சிக்கான வழிகாட்டியை வெளியிட்டன. அதில் உள்ள எண்கள் மிகவும் சிறியவை. 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் ஹெட்டிங்கே கிடையாது. 12 வயதுக்குட்பட்டோருக்கு மாதம் ஒரு முறை, அன்று அதிகபட்சம் 5 ஹெட்டர். 13 வயதுக்குட்பட்டோருக்கு வாரம் ஒரு முறை, அன்று 5. 14 முதல் 16 வயதுக்குட்பட்ட பிரிவுகளுக்கு வாரம் ஒரு முறை, அன்று 10. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எண் சொல்லவில்லை. முடிந்தவரை குறைக்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் எல்லை கொஞ்சம் தளர்வு: 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் வாரம் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 15 முதல் 20 ஹெட்டருக்கு மேல் கூடாது.

பழைய பயிற்சி முறைகளோடு ஒப்பிட்டால் இதன் பொருள் புரியும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கோச் பந்தை வீச, ஒவ்வொருவராக முட்டித் திருப்புவது வழக்கம். இருவர் எதிரெதிரே நின்று பந்து கீழே விழாமல் தலையாலேயே தட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது பயிற்சியில் 5 ஹெட்டர் முடிய அரை நிமிடம்கூட ஆகாது. இந்த எல்லையைப் பின்பற்றும் கோச் அந்த இரண்டையும் கைவிட்டாக வேண்டும்.

எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் ஹெட்டிங் பயிற்சி என்று பெயர் இல்லாத இடங்களில்தான். கார்னர் பயிற்சியில் இருபது பந்துகள் உள்ளே வரும். நடுவில் நிற்கும் உயரமான பையனே அவற்றில் பாதியை முட்டியிருப்பான். கிராஸ் போட்டு கோல் அடிக்கும் பயிற்சியும் இப்படித்தான். அதனால் 14 வயதுக்குக் கீழே இவற்றில் கிராஸைத் தரையோடு அனுப்பச் சொல்வது நல்லது. கார்னர் என்றால் சுருக்கமாகத் தட்டிவிட்டு ஆடலாம். அணியின் சராசரி இங்கே உதவாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை என்பதே கணக்கு. ஒரு நோட்டில் பெயருக்கு நேரே கோடு போட்டுவந்தால் போதும்.

பந்தும் கணக்கில் வரும். இங்கிலாந்தில் 9 வயதுக்குட்பட்டோர் வரை மூன்றாம் நம்பர் பந்து, 14 வயதுக்குட்பட்டோர் வரை நான்காம் நம்பர், அதற்கு மேல்தான் ஐந்தாம் நம்பர். நான்காம் நம்பர் பந்து 350 முதல் 390 கிராம் இருக்கும். ஐந்தாம் நம்பர் 410 முதல் 450 கிராம். பள்ளியில் இருப்பது ஒரே பந்துதான், அதுவும் ஐந்தாம் நம்பர்தான் என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு அதை வைத்து ஹெட்டிங் வேண்டவே வேண்டாம். காற்றை, பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவின் கீழ் எல்லையில் வைக்கலாம். கல்லாக இறுகிய பந்தும், மழையில் நனைந்து கனத்த பந்தும் தலைக்கு ஆகாது.

உயரமான பந்தைத் தரைக்குக் கொண்டுவருவது

ஹெட்டிங் இல்லாத ஆறேழு ஆண்டுகளும் வீணாகப் போகும் காலமல்ல. உயரமான பந்தை வாங்கி, அடக்கி, அடுத்த அடிக்குத் தயாராக வைப்பதை ஒரு பிள்ளை கற்பதற்கு அவ்வளவு காலம் தேவைப்படும்.

அடிப்படை ஒன்றே. பந்து படும் கணத்தில் உடலின் அந்தப் பகுதி பந்தோடு சேர்ந்து சற்றே பின்வாங்க வேண்டும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவர் கைகளை மார்பை நோக்கி இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். நிற்கும் நேரம் கொஞ்சம் நீண்டால் மோதலின் வேகம் குறையும், பந்து எகிறாது.

மார்பில் வாங்கும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும், மேலுடல் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பந்து படும்போது மூச்சை வெளியே விட்டால் மார்பு தானாகத் தளரும். பல பிள்ளைகள் நெஞ்சை விடைத்துக்கொண்டு நிற்பார்கள். பந்து ஒரு மீட்டர் முன்னால் தெறித்து எதிராளியின் காலுக்குப் போனால் தவறு இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். மார்பில் வாங்குவது வலிக்கிறது என்று பெண் பிள்ளைகள் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. ஓரடி பின்னால் போய்த் தொடையில் வாங்கச் சொல்லலாம்.

தொடையில் வாங்கும்போது பந்து பட வேண்டிய இடம் தொடையின் நடுச்சதை. முழங்காலுக்குப் பக்கத்தில் பட்டால் பந்து மேலே எகிறும். தொடை தரைக்கு இணையாக உயர்ந்து, பந்து படும்போது கீழே இறங்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: பந்து வரும்போது காலைத் தூக்கி அடிப்பார்கள். ‘தொடையைக் கீழே விடு’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதே இதற்கு மருந்து.

மூன்றாவது, பந்து தரையில் பட்டு எழும் அந்தக் கணத்திலேயே காலால் மூடி அடக்குவது. நம் ஊரில் பிள்ளைகள் ட்ராப் என்பார்கள். புல் இல்லாத கெட்டித் தரையில் பந்து அதிகம் எகிறும் என்பதால் நம் கிரவுண்டுகளுக்கு இது மிகவும் தேவை. விழும் இடத்துக்கு முன்கூட்டியே போய், பாதத்தின் உட்பக்கத்தைப் பந்தின் மேல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் பந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிடும். அதன் பிறகு பிள்ளை தலையைத்தான் நீட்டுவான்.

மூன்றிலும் பாதி வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எங்கே விழும் என்று கணித்து இரண்டு சிறிய எட்டில் அங்கே போய்விட வேண்டும். போகும்போதே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பி எதிராளி எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு பந்தை அவன் இல்லாத பக்கமாக இறக்க வேண்டும். காலடியிலேயே செத்துக் கிடக்கும் பந்தைவிட, ஓரடி தள்ளி ஆளில்லாத பக்கம் இருக்கும் பந்து நல்லது.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி உண்டு. எட்டு மீட்டர் தூரத்திலிருந்து கையால் பத்துப் பந்துகளை உயரமாக வீசுங்கள். முதல் தொடுகைக்குப் பிறகு பந்து ஓரடி எட்டுக்குள் நின்றால் ஒரு மதிப்பெண். ஏழு வந்துவிட்டால் பக்கத்தில் ஓர் எதிராளியை நிறுத்தி, முதலில் நடந்தும் பிறகு ஓடியும் நெருக்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்தின் அமைப்பும் உதவும். 2019இல் மாறிய விதிப்படி, கோல்கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்ட வேண்டியதில்லை. உள்ளேயே சக வீரருக்குத் தட்டிவிடலாம். இங்கிலாந்தின் சிறிய பிரிவுகளில் கோல்கிக்கின்போது எதிரணி பாதி மைதானத்துக்குப் பின்வாங்கிவிடும். பயிற்சி ஆட்டத்தில் த்ரோ-இன்னுக்குப் பதில் காலால் தட்டி ஆடச் சொன்னால் நெற்றி உயரத்துக்கு வரும் பந்துகள் வெகுவாகக் குறையும்.

ஐந்தே ஹெட்டரில் ஒரு வகுப்பு

13 வயதுக்குட்பட்ட 16 பிள்ளைகள், 75 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்க. அதிலேயே கழுத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி, தலை அசையாமல் ஐந்து விநாடி எதிர்க்க வேண்டும். அதேபோல் பின்தலையிலும் இரு பக்கங்களிலும். அடுத்த 30 நிமிடம் மார்பு, தொடை, ட்ராப். கடைசி 25 நிமிடம் சிறு ஆட்டம். இடையில் மிஞ்சும் 10 நிமிடம்தான் ஹெட்டிங்குக்கு.

அந்தப் பத்தில் முதல் நான்கு நிமிடம் தலையில் பந்தே படாது. ஜோடியாக நின்று ஒருவர் உயரமாக வீச, மற்றவர் ஓடிவந்து குதித்து, நெற்றிக்கு முன்னால் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். பந்தின் பாதையைக் கணிப்பது, ஒற்றைக் காலில் எழும்புவது, உச்சத்தில் பந்தைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் இதிலேயே கற்றுவிடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், மோதல் இல்லை.

பிறகு மூன்று மீட்டர் இடைவெளி. கூட்டாளி கீழிருந்து மெதுவாக வீச வேண்டும். உதைத்த பந்து கூடவே கூடாது. முதல் இரண்டும் நின்ற இடத்தில். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கண் திறந்திருக்க, வாய் மூடியிருக்க, தாடை சற்று உள்ளே இழுபட்டிருக்க வேண்டும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியின் தட்டையான பகுதி பந்தில் பட வேண்டும். மேலுடல் பின்னாலிருந்து முன்னால் வந்து பந்தைத் தேடிப்போய் அடிக்க வேண்டும், பந்து வந்து தலையில் அடிக்கக் காத்திருக்கக் கூடாது. கழுத்து இறுகியிருந்தால் தலையும் உடலும் ஒன்றாக அந்த அடியைத் தாங்கும். தளர்ந்திருந்தால் தலை மட்டுமே தாங்கும். மூன்றாவதும் நான்காவதும் ஓர் எட்டு முன்னே வந்து. ஐந்தாவது சிறிதாகக் குதித்து. பந்து கூட்டாளியின் கைக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி ஒரு வாக்கியம் திருத்தம் சொல்ல நேரம் இருக்கிறது. ஐந்துதான் என்று தெரிந்தால் பிள்ளைகளும் கவனமாகச் செய்வார்கள்.

தவறைப் பந்தே காட்டிக்கொடுக்கும். நேரே மேலே எழும்பினால் உச்சந்தலையில் பட்டிருக்கிறது. பெரும்பாலும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருப்பான். மூக்கிலோ முகத்திலோ பட்டால் தாடை மேலே தூக்கியிருக்கிறது. வலுவில்லாமல் காலடியில் விழுந்தால் பந்துக்காகக் காத்து நின்றிருக்கிறான். கண் மூடுகிற பிள்ளைக்கு மீதி எண்ணிக்கையைச் செலவழிக்க வேண்டாம். கையால் பிடிக்கும் பயிற்சிக்கே திருப்பி அனுப்புங்கள். பலூனிலும் ஸ்பாஞ்ச் பந்திலும் பயம் தெளியவைக்கலாம். யாருக்காவது தலைவலி, சளிக்காய்ச்சலின் தலைபாரம், அண்மையில் பட்ட தலைக்காயம் இருந்தால் அன்று அவனுக்கு ஹெட்டிங் இல்லை.

பந்தைவிட ஆபத்தானது இன்னொரு தலை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. மூளை அதிர்ச்சிக் காயங்களில் பையன்களுக்கு 30.6 சதவீதமும், பெண் பிள்ளைகளுக்கு 25.3 சதவீதமும் ஹெட்டிங்கின்போது ஏற்பட்டிருந்தன. ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவை பந்து பட்டதால் வந்தவை அல்ல. இன்னொரு ஆட்டக்காரரின் தலை, முழங்கை, தோள் மோதியதால் வந்தவை. பையன்களிடம் இந்தப் பங்கு 78 சதவீதம்.

எனவே எதிராளியோடு சேர்ந்து குதிக்கும் பாடம் கடைசியாக வர வேண்டும். ‘மை பால்!’ என்று உரக்கச் சொல்வது, சொன்னதும் தன் அணியின் மற்றவன் விலகிக்கொள்வது, கைகளைச் சமநிலைக்காகத் தோளுக்குக் கீழே விரிப்பது ஆகியவை முட்டும் உத்தியைப் போலவே பயிற்சியில் இடம்பெற வேண்டும். பிந்தி வருபவன் குதிக்கக் கூடாது. எதிராளி இறக்கும் பந்தை எடுக்க அங்கேயே நிற்பது அவனுக்குச் சாதகமும்கூட.

அடிபட்டால் மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. வெறித்த பார்வை, தள்ளாட்டம், தலைவலி, குமட்டல், ஸ்கோர் என்ன என்று கேட்டால் தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டம் அவனுக்கு அன்றோடு முடிந்தது. மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போவது, கழுத்து வலி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை. பிரிட்டனின் 2023 வழிகாட்டி, காயத்துக்குப் பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வும், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் இடைவெளியும் வேண்டும் என்கிறது.

பின்தங்கிவிடுவார்களா?

பெற்றோர் பலர் கேட்பது இதைத்தான்: பதினொரு வயதுவரை தலையே படாத பிள்ளை, பெரிய அணிக்குப் போனால் என்ன செய்வான்? ஹெட்டிங்கைப் பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். பந்து விழும் இடத்தைக் கணிப்பது, சரியான கணத்தில் அங்கே போய்ச் சேர்வது, எதிராளி எங்கே என்று அறிந்திருப்பது, குதித்துச் சமநிலையோடு இறங்குவது எல்லாவற்றையும் மார்பிலும் தொடையிலும் வாங்கியும் கையால் பிடித்தும் அவன் கற்றுவிட்டிருப்பான். மிஞ்சுவது நெற்றியால் அடிக்கும் அந்த ஒரு செயல். அதற்கு வாரம் ஐந்து போதும். இவை எதையும் கற்காமல் ஒன்பது வயதில் நூறு முறை முட்டிய பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்தான். அதை மாற்றுவதற்குத்தான் பின்னால் கோச்சுக்கு அதிக நேரம் பிடிக்கும்.